பேங்க் கிளைய மூடிட்டாங்க, அப்பாவோட பென்சன வேற கணக்குக்கு மாத்த லெட்டர் எப்படி எழுதுறது?

"அப்பா தபால் கந்தோர்ல வேல செஞ்சு ரிட்டயர் ஆனவர். பென்சன் வந்துக்கிட்டிருந்த பேங்க் கிளைய மூடிட்டு கணக்குகள எல்லாம் ஹட்டன் கிளைக்கு மாத்திட்டாங்க. அவரால மஸ்கெலியாவுலருந்து மாசாமாசம் அவ்ளோ தூரம் போக ஏலாது, அதனால டவுன்லயே இருக்கிற வேற பேங்க்ல புதுக் கணக்கு தொறந்துட்டோம். பென்சன் ஒபிசுக்கு லெட்டர் எப்படி எழுதணும்? கொழும்புக்கா அனுப்பணும்? தமிழ்ல எழுதினா எடுப்பாங்களா?"

தம்பி, மொதல்ல ஒன்னு, பழைய கணக்க இன்னும் மூடலைன்னா மூடவே வேணாம். லெட்டர் எப்படி எழுதுறதுங்கிறத விட இதுதான் அவசரம். நான் ஒரு பிரதேச செயலகத்துல பென்சன் பிரிவுல பல வருஷம் இருந்தவ, கணக்கு மாத்த வந்து சிக்கல்ல மாட்டினவங்கள்ல பாதிப் பேரு லெட்டர் பிழையா எழுதினவங்க இல்ல, லெட்டர் குடுக்க முந்தியே பழைய கணக்க மூடிட்டு வந்தவங்கதான்.

ஏன்னா பென்சன் பட்டியல், சம்பளப் பட்டியல் மாதிரியேதான், காசு விழுற நாளைக்கு ரொம்ப முந்தியே ரெடியாகிடும். காசு மாசம் 10ம் திகதி வாக்குல விழுதுன்னா அந்தப் பட்டியல் அதுக்கு முந்தின மாசமே கணக்கு நம்பரோட முடிஞ்சிருக்கும். நீங்க 3ம் திகதி போய் லெட்டர் குடுத்தா அந்த மாசக் காசு பழைய கணக்குக்குத்தான் போகும், யாரும் ஒன்னும் செய்ய ஏலாது. பழைய கணக்கு உயிரோட இருந்தா காசு அதுல விழும், ஹட்டனுக்கு ஒரே ஒரு தடவ போய் எடுத்துக்கலாம், இல்லாட்டி கார்ட் இருந்தா மெஷின்ல எடுத்துக்கலாம். மூடியிருந்தா காசு திரும்பிப் போகும். தொலையாது, ஆனா திரும்பி வந்தத கணக்குல எடுத்து, திருத்தி, நிலுவையா போட்டுத் தர்ற வரைக்கும் மருந்துக் காசு இல்லாம நிக்கிறது அப்பாதான். அதனால புதுக் கணக்குல ரெண்டு மாசப் பென்சன் விழுந்தத பாஸ்புக்ல கண்ணால பார்த்துட்டு அதுக்குப் பெறகு பழசை மூடுங்க.

இப்ப யாருக்கு எழுதுறதுங்கிறதுக்கு வாறேன். கொழும்பு 10, மாளிகாவத்தையில இருக்கிற ஓய்வூதியத் திணைக்களத்துக்கு நேரா அனுப்ப வேணாம். அங்க அனுப்பினா அவங்க உங்க பிரதேச செயலகத்துக்குத்தான் திருப்பி அனுப்புவாங்க, போக வர ஆகிற நாள் வீண். அப்பாவோட பென்சன் ஃபைல் எந்தப் பிரதேச செயலகத்துல இருக்கோ அங்க இருக்கிற பென்சன் பிரிவுதான் கணக்க மாத்தும். அது நீங்க இருக்கிற பிரதேச செயலகமாத்தான் இருக்கும்னு நெனச்சுடாதீங்க. அப்பா கண்டியில வேல செஞ்சு அங்கயே ரிட்டயர் ஆகி பெறகு ஊருக்கு வந்திருந்தா, ஃபைல மாத்தச் சொல்லிக் கேக்காம விட்டிருந்தா, அது இன்னும் அங்கயே கெடக்கும். உங்க பக்கத்துல அம்பகமுவவ பிரிச்சு நோர்வூட் பிரதேச செயலகம் வேற வந்திருக்கு, அதனால ஃபைல் இப்ப எங்கன்னு ஒரு வார்த்த கேட்டுக்கிட்டுப் போங்க. கேக்குறதுக்கு 1970ன்னு திணைக்களத்தோட நம்பர் இருக்கு, அப்பாவோட அடையாள அட்டை நம்பரயும் பென்சன் நம்பரயும் கையில வச்சுக்கிட்டு எடுங்க. இல்லாட்டி அவர் கடைசியா உயிர்வாழ் சான்றிதழ எங்க குடுத்தாருன்னு கேளுங்க, அநேகமா ஃபைலும் அங்கதான்.

தமிழ்ல எழுதலாமான்னு கேட்டீங்க. தாராளமா எழுதுங்க. அரசியலமைப்புல நாலாவது அத்தியாயத்துல இருக்கு, நாட்டுல எந்த அரசாங்க ஒபிசுக்கும் தமிழ்ல எழுதி தமிழ்லயே பதில் கேக்குறதுக்கு உரிமை உண்டு. நுவரெலியா, பதுளை மாவட்டங்கள்ல பல பிரதேச செயலகப் பிரிவுகள 1999லயே ரெண்டு மொழியிலயும் நிர்வாகம் நடக்க வேண்டிய பிரிவுகள்னு வர்த்தமானியில போட்டாச்சு. சிங்களத்துல எழுதித் தாறேன்னு ஒபிஸ் வாசல்ல காசு வாங்குறவங்ககிட்ட போகத் தேவையில்ல. ஆனா அனுபவத்துல ஒன்னு சொல்றேன், உங்க லெட்டர கையில எடுக்கிற மிஸ்ஸுக்கு தமிழ் கொஞ்சந்தான் வாசிக்க வரும்னு வைங்க, கம்ப்யூட்டர்ல அவங்க அடிக்கப் போறது பேங்க் பேரு, கிளை, கணக்கு நம்பர், அப்பாவோட பேரு இந்த நாலுதான், அதுவும் ஆங்கிலத்துல. அந்த நாலையும் லெட்டர்ல தமிழ்ல எழுதின எடத்துக்குக் கீழயே ஆங்கிலக் கெப்பிட்டல் எழுத்துலயும் பாஸ்புக்ல இருக்கிற மாதிரியே எழுதி விடுங்க. இதனால எவ்வளவோ பிழை தப்பும்.

லெட்டர் இப்படி இருந்தா போதும், இதுக்கு மேல நீட்ட வேணாம்:

(முழுப் பெயர்)
(லயன் அல்லது வீட்டு இலக்கம், டிவிஷன், தோட்டம், தபால் நிலையம்)
(தொலைபேசி இலக்கம்)
(திகதி)

பிரதேச செயலாளர்,
ஓய்வூதியப் பிரிவு,
பிரதேச செயலகம், (ஊர்).

ஐயா / அம்மணி,

ஓய்வூதியம் வைப்பிலிடப்படும் வங்கிக் கணக்கை மாற்றிக்கொள்ளல்
ஓய்வூதிய இலக்கம்: ………
தேசிய அடையாள அட்டை இலக்கம்: ………

நான் தபால் திணைக்களத்தில் ……… பதவியில் பணியாற்றி ……… ஆம் ஆண்டு ஓய்வு பெற்றவன். எனது மாதாந்த ஓய்வூதியம் தங்கள் செயலகத்தின் ஊடாக ……… வங்கியின் ……… கிளையில் உள்ள ……… இலக்கக் கணக்கிற்கு இதுவரை அனுப்பப்பட்டு வந்தது.

மேற்படி கிளை ……… திகதி முதல் மூடப்பட்டு, எனது கணக்கு ……… கிளைக்கு மாற்றப்பட்டுள்ளது. எனது வயது மற்றும் உடல்நிலை காரணமாக அங்கு சென்று பணம் பெறுவது எனக்குச் சிரமமாக உள்ளது. ஆகவே எனது ஓய்வூதியத்தை எனது பெயரில் உள்ள பின்வரும் கணக்கிற்கு அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கணக்கு வைத்திருப்பவரின் பெயர் (பாஸ்புக்கில் உள்ளவாறு): ………
வங்கி, அதன் குறியீட்டு இலக்கம்: ………
கிளை, அதன் குறியீட்டு இலக்கம்: ………
கணக்கு இலக்கம்: ………

பழைய கணக்கின் மீது எனது ஓய்வூதியத்தைப் பிணையாக வைத்துப் பெற்ற கடன் எதுவும் நிலுவையில் இல்லை. இந்த மாற்றம் நடைமுறைக்கு வரும் வரை பழைய கணக்கைத் தொடர்ந்து வைத்திருப்பேன். மாற்றம் எந்த மாதத்திலிருந்து நடைமுறைக்கு வரும் என்பதை எனக்குத் தமிழில் அறியத் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இத்துடன் தேசிய அடையாள அட்டை, ஓய்வூதியர் அடையாள அட்டை, பழைய மற்றும் புதிய வங்கிப் புத்தகங்களின் முதற்பக்கம் ஆகியவற்றின் பிரதிகளையும், கிளை மூடப்பட்டது பற்றி வங்கி அனுப்பிய கடிதத்தின் பிரதியையும் இணைத்துள்ளேன்.

இங்ஙனம்,
(கையொப்பம்)
(பெயர்)

இதுல ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் இருக்கு. பழைய கணக்கு நம்பர் எதுக்குன்னு கேப்பீங்க, ஒரே பேர்ல ரெண்டு மூனு பென்சன்காரங்க ஒரே பிரிவுல இருப்பாங்க, பழைய நம்பர் ஒத்துப் போனாத்தான் இது சரியான ஆளோட ஃபைல்னு கிளார்க்குக்கு உறுதியாகும். எந்த மாசத்துலருந்துன்னு கேக்குற வரி, அது இருந்தா அவங்க பதில் எழுதணும், பதில் எழுத ஃபைல திறக்கணும். பேங்க் லெட்டர் தொலைஞ்சு போச்சுன்னா பரவாயில்ல, கிளை மூடினது ஊருக்கே தெரியும், பழைய பாஸ்புக் கொப்பியே போதும், அதுக்காக ஒரு மாசம் காத்திருக்காதீங்க.

கணக்கு நம்பர் எழுதுற எடத்துலதான் கை நடுங்கக் கூடாது. புதுப் பாஸ்புக்க திறந்தா மொதப் பக்கத்துல ரெண்டு மூனு நம்பர் இருக்கும், ஒன்னு கணக்கு நம்பர், ஒன்னு வாடிக்கையாளர் நம்பர், இன்னொன்னு பாஸ்புக்கோட தொடர் நம்பர். சில பேரு கார்ட்ல இருக்கிற 16 இலக்கத்த எழுதிட்டு வருவாங்க, அது கணக்கு நம்பரே இல்ல. முன்னுக்கு சைபர் இருந்தா அதையும் விடாம எழுதணும், எல்லா இலக்கத்தையும் எண்ணிப் பார்த்து எழுதணும். பேங்க் குறியீடு 4 இலக்கம், இலங்கை வங்கின்னா 7010, மக்கள் வங்கின்னா 7135, தேசிய சேமிப்பு வங்கின்னா 7719. கிளைக் குறியீடு 3 இலக்கம், அத கவுண்டர்ல கேட்டா எழுதித் தருவாங்க. ஒரு பேங்க்லருந்து இன்னொரு பேங்குக்குக் காசு போறது இந்த நம்பர்கள வச்சுத்தான்.

என்கிட்ட வந்த ஒரு அம்மா கதைய சொல்றேன். புருஷன் ஆஸ்பத்திரியில வேல செஞ்சு எறந்தவர், இவங்களுக்கு விதவைகள் பென்சன். இவங்க ஊர்லயும் கிளைய மூடிட்டாங்க, மகன் நவம்பர் 25 போல பழைய கணக்க மூடி இருந்த காசையும் எடுத்துட்டு, டிசம்பர் மொத வாரம் லெட்டர் கொண்டு வந்தாரு. டிசம்பர் பட்டியல் அதுக்குள்ள போயிருச்சு, காசு திரும்பிருச்சு. சரி ஜனவரிக்காவது வரும்னு புது நம்பர போட்டோம், அதுவும் திரும்பிருச்சு. ஃபைல எடுத்து லெட்டரையும் பாஸ்புக் கொப்பியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு விரல் வச்சு ஒவ்வொரு இலக்கமா பார்த்தேன், பாஸ்புக்ல மூனு சைபர் தொடர்ந்து இருந்த எடத்துல லெட்டர்ல ரெண்டுதான் இருந்துச்சு. கொப்பியும் மங்கலா இருந்ததால மொதல்ல எங்க கண்ணுக்கும் படல. திருத்தி பெப்ரவரியில ரெண்டு மாச நிலுவையும் சேர்த்துத்தான் அவங்களுக்குக் கெடச்சுச்சு. வாங்கிக்கிட்டு, கடைக்காரர்கிட்ட இனி தலை நிமிர்ந்து போவேன் மிஸ்னு சொன்னாங்க, அது எனக்கு இன்னும் மறக்கல. முந்தியே மூடின கணக்கும் விட்டுப்போன ஒரு சைபரும், ரெண்டு மாசக் கடன். போட்டோக் கொப்பி எடுக்கும்போது நம்பர் தெளிவா வந்திருக்கான்னு பார்த்து, மங்கலா இருந்தா கடையிலயே திரும்ப எடுக்கச் சொல்லுங்க.

அடுத்தது பேரு. நம்ம மலையகத்து ஆளுகளுக்கு இதுதான் பெரிய தலைவலி. பென்சன் ஃபைல்ல இனிஷியலோட ஒரு பேரு, அடையாள அட்டையில அப்பா பேரையும் சேர்த்து விரிச்சு ஒரு பேரு, பேங்க்ல அந்த நேரம் இருந்தவர் அடிச்ச மாதிரி ஒரு பேரு. ராமசாமின்னு நாம ஒரே மாதிரித்தான் சொல்றோம், ஆங்கிலத்துல ஒரு எடத்துல நடுவுல டபிள்யூ இருக்கும், ஒரு எடத்துல இருக்காது. இதுக்கு நடுவுல யாரோ சிங்களத்துல கேட்டு எழுதி அதுலருந்து ஆங்கிலத்துக்கு மாத்தினதும் உண்டு. புதுக் கணக்கு தொறந்த பாஸ்புக்க இப்பவே எடுத்து அடையாள அட்டையோடயும் பென்சனர் கார்டோடயும் ஒப்பிட்டுப் பாருங்க. சின்ன எழுத்து வித்தியாசம்னா பேங்க்லயே அடையாள அட்டையில இருக்கிற மாதிரி திருத்தித் தரச் சொல்லலாம், புதுக் கணக்குங்கிறதால அது லேசு. பேரே வேற மாதிரி இருந்தா, ரெண்டு பேரும் ஒரே ஆளுக்குரியதுதான்னு கிராம உத்தியோகத்தர்கிட்ட உறுதிக் கடிதம் ஒன்னோ, சமாதான நீதவான் முன்னுக்கு சத்தியக்கடதாசி ஒன்னோ எடுத்து லெட்டரோட சேர்த்துக் குடுங்க. எது வேணும்னு பென்சன் பிரிவுல கேட்டுட்டு எடுங்க, ரெண்டுக்கும் செலவழிக்க வேணாம்.

அடையாள அட்டை நம்பர்லயும் இதே மாதிரி ஒன்னு இருக்கு. ஃபைல்ல பழைய 9 இலக்கமும் வி எழுத்தும் இருக்கும், அப்பா புது அட்டை எடுத்திருந்தா பேங்க்ல 12 இலக்கம் இருக்கும். ரெண்டும் ஒரே ஆள்தான்னு பார்த்தவுடனே தெரியாது. லெட்டர்ல ரெண்டையும் எழுதிடுங்க, பழைய நம்பர் இது, புது நம்பர் இதுன்னு.

கணக்கு யார் பேர்ல தொறந்தீங்கன்னு நீங்க சொல்லல. மகனும் அப்பாவும் சேர்ந்து கூட்டுக் கணக்கா தொறந்திருந்தா இப்பவே அப்பா பேர்ல தனியா ஒன்னு தொறந்துடுங்க. போய் எடுக்க லேசுன்னுதான் எல்லாரும் கூட்டுக் கணக்கு தொறக்கிறாங்க, அந்த நெனப்பு எனக்கு விளங்குது. ஆனா பென்சன் ஒருத்தரோட உயிருக்குக் குடுக்கிற காசு, அவருக்குப் பெறகு விழுற காச அரசாங்கம் திரும்பக் கேக்கும், அது இன்னொருத்தர் பேரும் இருக்கிற கணக்குல கலந்து போறத ஒபிஸ் விரும்பாது. தனிக் கணக்குக்கு விலாச ஆதாரம் கேட்டு பேங்க் தடங்கல் பண்ணினா, லயன் வீடுகள்ல கரண்ட் பில் அவங்க பேர்ல இருக்காதுங்கிறது உங்களுக்கே தெரியும், அதுக்கு கிராம உத்தியோகத்தரோட வதிவிடச் சான்றிதழ கொண்டு போங்க.

கடன் விஷயத்த நான் லெட்டர்ல ஒரு வரியா போட்டிருக்கேன், அது உண்மையா இருந்தா மட்டுந்தான் வைக்கணும். அப்பா பழைய பேங்க்ல பென்சன காட்டி கடன் எடுத்திருந்தா, கடன் முடியிற வரைக்கும் பென்சன வேற எங்கயும் மாத்த மாட்டேன்னு அந்த நேரம் கையெழுத்துப் போட்டிருப்பாரு, அதோட கொப்பி ஃபைல்ல இருக்கும். அப்படின்னா பழைய பேங்க்லருந்து கடன் நிலுவை இல்லைன்னோ, மாத்துறதுல ஆட்சேபனை இல்லைன்னோ ஒரு கடிதம் இல்லாம பென்சன் பிரிவு அசைய மாட்டாங்க. கடன் இன்னும் இருந்தா பேங்கையே மாத்துறத கொஞ்ச நாள் தள்ளி வைங்க, அதே பேங்கோட கிட்ட இருக்கிற வேற கிளைக்கு மாத்திக்கிட்டு கார்ட் ஒன்னு எடுத்துக்குங்க. இத அப்பாகிட்ட மெதுவா தனியாக் கேளுங்க, பிள்ளைகளுக்குத் தெரியாம மகள் கல்யாணத்துக்கோ கூரைத் தகரத்துக்கோ கடன் எடுத்த அப்பாமாரு நெறய பேர நான் பார்த்திருக்கேன், கவுண்டர் முன்னுக்கு வச்சு அது வெளிய வந்தா அவருக்கு மனசு ஒடஞ்சு போகும்.

குடுக்கிற அன்னைக்கு முடிஞ்சா அப்பாவையே கூட்டிட்டுப் போங்க, அசல் அடையாள அட்டை, பென்சனர் கார்ட், ரெண்டு பாஸ்புக்கும் கையில இருக்கட்டும். கையெழுத்து நடுங்குதுன்னு நீங்க போட்டுடாதீங்க, ஃபைல்ல இருக்கிற பழைய கையெழுத்தோட ஒத்துப் பார்ப்பாங்க. நேர்ல வந்து அவங்க முன்னுக்கு நடுங்கின கையாலயே போட்டா போதும். போடவே ஏலாதுன்னா கிராம உத்தியோகத்தர் முன்னுக்கு பெருவிரல் அடையாளம் வச்சு அவரோட உறுதிப்படுத்தலும் முத்திரையும் லெட்டர்ல இருக்கணும். படுக்கையில இருக்கிறவர்னா மொதல்லயே பென்சன் பிரிவுக்கு கோல் பண்ணி நெலமைய சொல்லுங்க, அவர தூக்கிட்டு வரச் சொல்ல மாட்டாங்க. இந்த வருஷத்து உயிர்வாழ் சான்றிதழ் குடுத்தாச்சான்னும் அதே கோல்லயே கேட்டுடுங்க, அது குடுக்காம பென்சன் நின்னத கணக்கு மாத்தினதாலதான் வரலைன்னு நெனச்சு அலைஞ்சவங்க இருக்காங்க.

லெட்டர ரெண்டு கொப்பியா எடுத்துட்டுப் போய், ஒன்ன குடுத்துட்டு மத்ததுல திகதி முத்திரை அடிச்சு வாங்கிக்குங்க. தரமாட்டோம்னு சொன்னா மரியாதையா, எனக்கு ஒரு ஞாபகத்துக்கு வேணும் மிஸ்னு திரும்பக் கேளுங்க, தருவாங்க. தபால்ல அனுப்புறதா இருந்தா பதிவுத் தபால்ல போட்டு அந்தத் துண்ட பத்திரமா வைங்க, அப்பா தபால் கந்தோர்ல இருந்தவர், இத அவரே உங்களுக்குச் சொல்லித் தருவாரு.

அதுக்குப் பெறகு அடுத்த பென்சன் நாள்ல ரெண்டு பாஸ்புக்கையும் பதிஞ்சு பாருங்க. பழசுல விழுந்திருந்தா லெட்டர் பட்டியலுக்குப் பிந்திப் போயிருக்கு, பொறுங்க. ரெண்டுலயும் இல்லைன்னா அன்னைக்கே முத்திரை அடிச்ச கொப்பியோட பென்சன் பிரிவுக்குப் போங்க, காசு திரும்பியிருக்கான்னு கேளுங்க, கம்ப்யூட்டர்ல அடிச்சிருக்கிற நம்பர வாசிச்சுக் காட்டச் சொல்லி பாஸ்புக்ல விரல் வச்சு ஒத்துப் பாருங்க. நடுவுல யாராவது போன்ல பென்சன் ஒபிஸ்லருந்து பேசுறேன், கணக்கு மாத்த ஒரு நம்பர் மெசேஜ்ல வரும் சொல்லுங்கன்னா வச்சுடுங்க. கணக்கு மாத்த எந்த ஒபிசும் பின் நம்பரோ மெசேஜ்ல வர்ற நம்பரோ கேக்காது, கேக்க வேண்டியதெல்லாம் லெட்டர்லயே இருக்கு.

பழைய கணக்குல கொஞ்சக் காச விட்டு வைங்க, முழுசா தொடச்சு எடுத்துடாதீங்க. அதுலருந்து மாசாமாசம் ஏதாவது வெட்டுற மாதிரி, ஒரு சீட்டோ காப்புறுதியோ, அப்பா எழுதிக் குடுத்திருந்தா அதையும் புதுக் கணக்குக்கு மாத்திட்டுத்தான் மூடணும். ஃபைல் எந்த செயலகத்துலன்னு தெரிஞ்ச ஒடனே எனக்கு ஒரு வரி போடுங்க தம்பி, பேர்ல ஏதும் சிக்கல் இருந்தா எந்தக் கடிதம் எடுக்கிறதுன்னு சேர்ந்து பார்ப்போம்.